முதலில் துடை, பிறகு கூர்தீட்டு

பஸ் ஸ்டாண்டு கடைகளில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த பழைய படங்களின் வி.சி.டி.க்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அன்றைய 21 அங்குல டி.வி.யில் அவை ஓரளவு நன்றாகவே தெரிந்தன. அதே தட்டை இன்றைய பெரிய திரையில் போட்டால் நாயகியின் முகம் களிமண் பூசியதுபோல் இருக்கிறது. சுவரெல்லாம் சதுரம் சதுரமாகத் துடிக்கிறது. தட்டு கெட்டுப்போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தட்டில் இருப்பதே அவ்வளவுதான்.

நம் ஊரில் விற்ற வி.சி.டி.யில் ஒரு படச்சட்டம் என்பது அகலத்தில் 352 புள்ளிகள், உயரத்தில் 288 வரிகள். மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பிக்ஸல். இதை 1920-க்கு 1080 திரையில் முழுசாகக் காட்டினால், பழைய படத்தின் 4:3 சட்டம் 1440-க்கு 1080 இடத்தைப் பிடிக்கும். அது பதினைந்தரை லட்சம் பிக்ஸல். அதாவது திரையில் நாம் பார்க்கும் ஒவ்வொரு பதினைந்து பிக்ஸலில் ஒன்றுதான் தட்டில் இருந்து வந்தது. மீதிப் பதினான்கையும் பிளேயர் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறது.

அந்த ஒரு பிக்ஸலும் சுத்தமானதல்ல. 1993-இல் வகுத்த வி.சி.டி. தரத்தில் படத்துக்கு ஒதுக்கிய அளவு நொடிக்கு 1150 கிலோபிட். சுருக்காமல் வைத்தால் இதே படத்துக்கு நொடிக்கு 30 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். இருபத்தாறில் ஒரு பங்காக நசுக்கியிருக்கிறார்கள். நசுக்குவது எட்டுக்கு எட்டுப் பிக்ஸல் கட்டங்களாக. ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோராயத்தை மட்டும் வைத்துக்கொள்வதால், அடுத்தடுத்த கட்டங்கள் ஓரங்களில் சரியாகப் பொருந்துவதில்லை. எட்டுப் பிக்ஸல் கட்டம் பெரிய திரையில் முப்பது பிக்ஸல் சதுரமாகிவிடுகிறது. நாம் காணும் சதுரங்கள் அவைதான். எழுத்துகளையும் முக விளிம்புகளையும் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் தெரியும் பொடிப்புள்ளிகளும் இதே நசுக்கலின் விளைவு.

1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்குத் திரும்ப வந்தது. அப்படிப்பட்ட வேலை பிலிமிலிருந்து தொடங்குகிறது. நாம் இங்கே பேசுவது அதுவல்ல. அந்தப் பாக்கியம் கிட்டாத படங்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்கு நம் கையில் எட்டுவது இந்தத் தட்டு ஒன்றுதான். அதைப் பார்க்கும் நேரத்தில், பார்க்கும் திரையில், முடிந்தவரை நன்றாகக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். அதற்கான கருவி ஷேடர்.

ஷேடர் என்பது கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் ஒரு சிறிய நிரல். திரையின் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் அது ஒருமுறை ஓடும். தன்னைச் சுற்றியுள்ள பிக்ஸல்களைப் பார்க்கும், இந்த இடத்தில் என்ன நிறம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். படக்கோப்பை அது தொடுவதே இல்லை. பிளேயர் படத்தை விரித்துத் திரைக்கு அனுப்பும் வழியில் நடுவில் நின்று வேலை செய்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஒரு விசையை அழுத்தி நிறுத்திவிடலாம். பழைய படத்தை ‘மெருகேற்றி’ மறுபடி கோப்பாக்கி வைப்பவர்களின் வழியைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் செய்த தவறு கோப்பிலேயே உறைந்துவிடுகிறது. ஷேடர் செய்த தவறு அடுத்த நொடியே போய்விடும்.

இலவசமாகக் கிடைக்கும் `mpv` என்ற பிளேயர் இதற்கு வசதியானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். `.glsl` என்று முடியும் ஷேடர் கோப்புகளை அதற்குக் கொடுத்தால் போதும். நமக்கு வேண்டியவை இரண்டே கோப்புகள்: நாய்ஸைக் குறைக்க `nlmeans.glsl`, கூர்மை கூட்ட `adaptive-sharpen.glsl`. இரண்டும் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தவை.

இவற்றை எடுத்ததும் எல்லோரும் முதலில் செய்வது கூர்மையை ஏற்றுவது. மங்கலாக இருக்கிறது, ஆகவே கூர்மையாக்குவோம் என்ற நியாயம். படம் கெடுவது அங்கேதான். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளை வேட்டியின் விளிம்பு கறுத்த கதவின்மேல் விழுகிறது என்று வையுங்கள். ஒரே வரியில் உள்ள ஆறு பிக்ஸல்களின் ஒளி அளவு இப்படி இருக்கிறது: 60, 60, 60, 160, 160, 160. கூர்மையாக்கும் எளிய முறை முதலில் இதை மங்கலாக்கிப் பார்க்கும். ஒவ்வொரு பிக்ஸலையும் இரு பக்கத்து அண்டைகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 60, 60, 93, 127, 160, 160 என்று வரும். அசலுக்கும் மங்கலுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் மட்டும்தான் இருக்கிறது: ஒரு பக்கம் 33 குறைவு, மறுபக்கம் 33 அதிகம். அந்த வித்தியாசத்தில் பாதியை அசலோடு சேர்க்கிறோம். கறுப்புப் பக்கத்தில் 60 என்பது 43 ஆகிறது, வெள்ளைப் பக்கத்தில் 160 என்பது 177 ஆகிறது. விளிம்பின் தாவல் 100-இலிருந்து சுமார் 133 ஆகிவிட்டது. கண்ணுக்கு அது கூர்மையாகத் தெரிகிறது. புதிய விவரம் எதுவும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். இருந்த விளிம்பின் ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கி, மறுபக்கத்தை வெளுப்பாக்கியிருக்கிறோம், அவ்வளவே. அளவு மீறினால் வேட்டியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம்போல் எழும்.

இப்போது அதே முறையை வெறும் சுவருக்குப் போடுங்கள். சுவர் முழுக்க 100, நடுவில் ஒரு நாய்ஸ் புள்ளி மட்டும் 104. சராசரி எடுத்து, வித்தியாசத்தில் பாதியைச் சேர்த்தால் அந்தப் புள்ளி 105.3 ஆகும், பக்கத்துப் பிக்ஸல்கள் 99.3-க்கு இறங்கும். இருந்த இடைவெளி 4, இப்போது 6. விளிம்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தூசியோ பாதிப் பங்கு கூடிவிட்டது. கூர்மையாக்கும் கணக்கு வேட்டியின் விளிம்பைவிடத் தனித்துக் கிடக்கும் தூசிக்கே அதிகச் சலுகை காட்டுகிறது. எட்டுக்கு எட்டுக் கட்டங்களின் பொருந்தாத ஓரங்களுக்கும் இதே சலுகை. அதனால்தான் வி.சி.டி.யை நேரடியாகக் கூர்மையாக்கினால் சுவரும் சதுரமும் முன்னே வர, முகம் பின்னே போய்விடுகிறது.

ஆகவே முதலில் தூசி. அதை எந்தக் கட்டத்தில் துடைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு.

`nlmeans` என்பதன் பின்னால் இருக்கும் முறையை 2005-இல் புவாதெஸ், கோல், மொரெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அதற்கு முந்திய எளிய முறைகள் பக்கத்துப் பிக்ஸல்களோடு சராசரி எடுத்துத் தூசியைக் கரைத்தன. கூடவே விளிம்பும் கரைந்தது. இவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு அல்ல, ஒத்தவரோடு சராசரி எடு என்றார்கள். ஒரு பிக்ஸலைச் சுற்றி மூன்றுக்கு மூன்று துண்டு ஒன்றை எடுத்து, அதேபோன்ற துண்டுகள் சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுகிறது. எது எவ்வளவு ஒத்திருக்கிறதோ அதற்கு அவ்வளவு எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. தூசி ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொதுவாக இருக்கும் வடிவம் மட்டும் நிற்கும். சேலையின் கட்டம், ஜன்னல் கம்பி, ஓட்டுக்கூரை போலத் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் இதில் அழகாகப் பிழைத்துக்கொள்கின்றன.

இந்தத் தேடலுக்கு விலை உண்டு. ஒன்பதுக்கு ஒன்பது வட்டாரத்தில் தேடினால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 81 ஒப்பீடு. தட்டில் உள்ள 352-க்கு 288 அளவிலேயே செய்தால் ஒரு படச்சட்டத்துக்கு 82 லட்சம் ஒப்பீடு. பழைய லேப்டாப்பின் சிப்கூடத் தாங்கும். படத்தைப் பெரிதாக்கிய பிறகு செய்தால் அதுவே பன்னிரண்டரைக் கோடி. தாமதத்தைவிடப் பெரிய கேடு இன்னொன்று இருக்கிறது. தட்டில் ஒரே ஒரு பிக்ஸலாக இருந்த தூசி, பெரிதாக்கிய படத்தில் ஏறக்குறைய நான்குக்கு நான்கு அளவிலான மென்மையான கறையாகப் பரவியிருக்கும். மூன்றுக்கு மூன்று துண்டால் அதைப் பார்க்கும் ஷேடருக்கு அது தூசியாகத் தெரியாது, படத்தின் ஒரு பகுதியாகவே தெரியும். விட்டுவிடும். பெரிதாக்கும் முன்பே துடைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

கூர்மைக்கு நேர்மாறு. பெரிதாக்கும்போது விளிம்புகள் இயல்பாகவே மழுங்கும். எவ்வளவு மழுங்கியது என்பது பெரிதாக்கிய பிறகுதான் தெரியும். ஆகவே அது கடைசியில். துடைப்பு, பெரிதாக்கல், கூர்மை என்பதே வரிசை.

இந்த வரிசையை `mpv`-யில் நீங்கள் எழுதும் வரிசை தீர்மானிப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷேடர் கோப்பை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்தில் `//!HOOK` என்று ஒரு வரி இருக்கும். அதில் `LUMA` என்றிருந்தால் படத்தின் ஒளி அடுக்கில், பெரிதாக்கும் முன்பு அது ஓடும். `OUTPUT` என்றிருந்தால் திரை அளவுக்கு வந்த பிறகு கடைசியில் ஓடும். நாம் எடுத்த துடைப்பான் முதல் வகை, கூர்மையாக்கி இரண்டாம் வகை. வேறு ஷேடர் எதையாவது எங்கிருந்தாவது எடுத்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள். பெயர் என்னவாக இருந்தாலும் அதன் இடம் அங்கேதான் எழுதியிருக்கும்.

இனி ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் வந்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் என்று வையுங்கள். தட்டில் `MPEGAV` என்ற போல்டருக்குள் `AVSEQ01.DAT` என்ற கோப்பு இருக்கும். அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். `mpv`-யின் அமைப்புகள் இருக்கும் போல்டரில் `shaders` என்று ஒரு போல்டர் உண்டாக்கி இரண்டு கோப்புகளையும் போடுங்கள். விண்டோஸில் அந்த அமைப்பு போல்டர் `%APPDATA%\mpv`, லினக்ஸில் `~/.config/mpv`. அங்கே `mpv.conf` கோப்பில் இப்படி ஒரு பகுதி:

```
[vcd]
saturation=-100
scale=ewa_lanczossharp
glsl-shaders-append=~~/shaders/nlmeans.glsl
glsl-shaders-append=~~/shaders/adaptive-sharpen.glsl
```

பகுதிக்குத் தனிப்பெயர் வைத்ததால் மற்ற படங்களுக்கு இது ஓடாது. `mpv --profile=vcd AVSEQ01.DAT` என்று தந்தால் மட்டும் ஓடும். ஒப்பிட்டுப் பார்க்க `input.conf` என்ற கோப்பில் இரண்டு வரிகள்:

```
CTRL+1 change-list glsl-shaders toggle "~~/shaders/nlmeans.glsl"
CTRL+2 change-list glsl-shaders toggle "~~/shaders/adaptive-sharpen.glsl"
```

மேலே உள்ள `saturation=-100` ஷேடர் அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதைப்போல் பயன் தருவது வேறில்லை என்பேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமே இருக்கக் கூடாது. ஆனால் டேப்பிலிருந்து தட்டுக்கு மாற்றும்போது ஒட்டிக்கொண்ட பச்சை, ஊதாத் திட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் திட்டுகளைத் துடைக்க எந்த ஷேடரும் வேண்டாம், நிறத்தையே மூடிவிடலாம். வண்ணப் படமானால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

முதல் சோதனை டைட்டில் கார்டு. வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது அங்கேதான் நன்றாகத் தெரியும். படத்தை நிறுத்திவைத்து கண்ட்ரோல் 1, கண்ட்ரோல் 2 இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். துடைப்பான் மட்டும் ஓடும்போது பின்னணி அமைதியாகும். ஆனால் எழுத்தை ஒட்டிய பொடிகள் ஓரளவு நிற்கும். அந்த இடத்துத் துண்டுகளைப் போன்ற வேறு துண்டுகள் அதிகம் கிடைக்காததால் சராசரி எடுக்க ஆளில்லை. இது இந்த முறையின் இயல்பான குறை. துடைப்பை ஏற்றி அதையும் போக்க முயலக் கூடாது. ஏன் என்பதற்கு அடுத்த சோதனை.

முகம் நெருக்கமாக வரும் ஒரு காட்சிக்குப் போங்கள். துடைப்பான் கோப்பில் `S` என்ற எண் துடைப்பின் வலுவைத் தீர்மானிக்கிறது. அதை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் கன்னத்தின் இயற்கையான சொரசொரப்பு போகும். பிறகு நெற்றிச் சுருக்கம், பிறகு புருவ முடி. முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். தோலின் நயம் மெல்லியது, ஒழுங்கற்றது. ஷேடரின் கண்ணுக்கு அதற்கும் தூசிக்கும் வேறுபாடில்லை. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் காதோரத் தலைமுடி. முடிக்கற்றை தனித்தனி இழையாகத் தெரியாவிட்டாலும் முடி என்று தெரிய வேண்டும். அது கறுப்புப் பூச்சாகிவிட்டால் துடைப்பு அதிகம், எண்ணைக் குறைக்க வேண்டும். சுவரில் கொஞ்சம் தூசி மிஞ்சினால் மிஞ்சட்டும். அந்தக் காலத்து நடிகர்களின் முகத்தில்தான் படமே இருக்கிறது, சுவரில் இல்லை.

கூர்மைக் கோப்பில் பார்க்க வேண்டிய எண் `curve_height`. 0.3 முதல் 2.0 வரை நியாயமான எல்லை. வி.சி.டி.க்கு நான் அடிமட்டத்திலேயே, 0.4 அருகிலேயே நிறுத்துவேன். இந்த ஷேடர் மேலே கணக்குப் போட்ட எளிய முறையைவிடப் புத்திசாலி. ஏற்கெனவே வலுவாக இருக்கும் விளிம்பை மேலும் அழுத்தாமல் அடக்கி வாசிக்கும். இருந்தும் ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பல தட்டுகளில் டேப்புக்கு மாற்றியபோதே கூர்மையை ஏற்றிவிட்டிருப்பார்கள். இரண்டு ஷேடர்களையும் அணைத்துவிட்டு, வெளிச்சமான வானத்தின் முன் நிற்கும் ஆளின் தோளைப் பாருங்கள். அசலிலேயே தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு இருந்தால், அந்தத் தட்டுக்குக் கூர்மை வேண்டவே வேண்டாம். துடைப்போடு விட்டுவிடுவது நல்லது.

அடுத்து மழைக்காட்சி இருந்தால் அங்கே போங்கள். மெல்லிய மழைக்கோடுகளைத் துடைப்பான் தூசி என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். நாயகன் காரணமில்லாமல் நனைந்து நிற்பான். அருவி, புகை, தூறல் எல்லாவற்றுக்கும் இதே கதி. கண்ட்ரோல் 1 விசை அதற்காகவே இருக்கிறது, அந்தக் காட்சிக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஒப்பிடுவதற்குப் படம் பிடித்து வைக்க நினைப்பவர்கள் `s` விசையை அழுத்தக் கூடாது. அது தட்டின் அளவில் உள்ள படத்தைத்தான் எடுக்கும். ஜன்னலில் காண்பதை அப்படியே எடுக்க கண்ட்ரோலும் `s`-ம் சேர்த்து அழுத்த வேண்டும். அதேபோல் `I` அழுத்திப் பிறகு `2` அழுத்தினால் ஒவ்வொரு ஷேடரும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற பட்டியல் திரையில் வரும். நொடிக்கு 25 சட்டம் என்பதால் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் 40 மில்லிநொடி. மொத்தம் அதை நெருங்கினால் படம் திக்கும். அப்போது துடைப்பான் கோப்பில் `R` என்ற தேடல் வட்டாரத்தைச் சிறிதாக்குங்கள்.

அகலத்திரைப் படங்களில் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்குப் பிறகு வந்த ஸ்கோப் படங்களை மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து வி.சி.டி.யில் அடக்கினால், 288 வரிகளில் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 163 வரிதான். தூரக்காட்சியில் ஒரு முகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி கிடைக்கும். அதில் கண்ணும் மூக்கும் எங்கே இருக்கின்றன என்றுகூடத் தட்டில் பதிவாகியிருக்காது. பதிவாகாததை எந்தக் கூர்மையும் கொண்டுவராது. இத்தகைய படத்துக்கு ஷேடரைவிட ஆல்ட்டும் `2`-ம் அழுத்தி இரண்டு மடங்கு ஜன்னலில் பார்ப்பது அதிகம் உதவும். சிறிய ஜன்னலில் சதுரங்களும் சிறியவை, கண் மன்னித்துவிடும்.

இன்னொரு வகைக் குறைகள் இந்த ஷேடர்களின் கைக்கு எட்டாதவை. இரவுக் காட்சியின் இருண்ட மூலைகள் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை வெட்டித் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுருக்கும்போது இடையிடையே ஒரு முழுச்சட்டத்தைப் புதிதாக வைத்து, நடுவில் உள்ளவற்றில் மாற்றங்களை மட்டும் எழுதுகிறார்கள். புதிய முழுச்சட்டம் வரும்போதெல்லாம் மூலை குதிக்கிறது. பிலிமின் கீறல், ஒளி நடுக்கம் போன்றவையும் இப்படி நேரத்தோடு மாறுபவை. நாம் போட்ட ஷேடர்கள் ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டும் பார்ப்பவை. முந்திய சட்டத்தில் என்ன இருந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. அடுத்தடுத்த சட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் வடிகட்டி ஒன்று `mpv`-யில் உண்டு. அது கிராபிக்ஸ் சிப்பில் அல்லாமல் பிரதான பிராசஸரில் ஓடுகிறது:

```
vf=hqdn3d=1:1:5:5
```

முதல் இரண்டு எண்கள் ஒரே சட்டத்துக்குள் துடைப்பதற்கு, கடைசி இரண்டும் சட்டங்களுக்கு இடையே. முன்னதை ஷேடரே பார்த்துக்கொள்வதால் அதைக் குறைத்து வைத்திருக்கிறேன். இருண்ட மூலையின் துடிப்பு இதில் நன்றாகவே தணியும். ஆனால் நடனக் காட்சியில் கையின் பின்னால் கையின் சாயல் ஒன்று இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் 5 என்பதை 3 ஆக்குங்கள். அப்போதும் தெரிந்தால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். நாட்டியப் பேரொளி பத்மினியின் கைவிரல் முத்திரை மங்குவதைவிட மூலை துடிப்பது மேல்.